வாரம் ஒரு பதிவு, வேறு வேறு விஷயம், ஆனா ஒரே டெம்ப்ளேட்: ஏஐ-க்கான 'கோடிட்ட இடம்' பிராம்ப்ட்டை உருவாக்குவது எப்படி? கொடைக்கானல் ஹோம்ஸ்டே உதாரணத்துடன் விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. வார இறுதிக்கு வந்த கார்கள் எல்லாம் வத்தலக்குண்டு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும் நேரம். கொடைக்கானல் பக்கம் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களுக்கு அப்போதுதான் அடுத்த வேலை ஞாபகத்துக்கு வரும். "இந்த வாரம் ஃபேஸ்புக்ல என்ன போடறது?"

போன வாரம் பூண்டு அறுவடை பற்றிப் போட்டாச்சு. இந்த வாரம் இ-பாஸ் பற்றிச் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் ஊர்த் திருவிழா. விஷயம் வாரா வாரம் மாறுகிறது. ஆனால் எழுதுகிற ஆள், படிக்கிற கூட்டம், பேசுகிற தொனி எதுவும் மாறுவதில்லை.

இந்த இடத்தில்தான் பலரும் சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி ஏஐ செயலிகளிடம் போகிறார்கள். "கொடைக்கானல் பற்றி ஒரு அழகான பதிவு எழுது" என்று ஒரு வரி தட்டுகிறார்கள். வருவது என்ன? "மலைகளின் இளவரசி அழைக்கிறாள்" என்று தொடங்கி, வெள்ளி நீர்வீழ்ச்சி, தூண் பாறை, ஏரியில் படகுச் சவாரி என்று எல்லோரும் போடுகிற அதே பதிவு. அடுத்த வாரம் கேட்டாலும் ஏறக்குறைய அதேதான்.

இதற்குத் தீர்வு, ஒரே ஒரு முறை உட்கார்ந்து ஒரு பிராம்ப்ட் டெம்ப்ளேட் தயாரித்துக்கொள்வது. பள்ளிக்கூடத்தில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' எழுதினோமே, கிட்டத்தட்ட அதே முறை. மாறாத பகுதி அப்படியே இருக்கும். மாறும் பகுதி மட்டும் கோடாக இருக்கும். வாரம் ஒரு முறை கோடுகளை நிரப்பினால் போதும்.

ஆனால் கோடு எங்கே போடுவது, எங்கே போடக் கூடாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதைத் தவறாகச் செய்தால் என்ன ஆகும்? உங்கள் பதிவை நம்பி ஒரு குடும்பம் மலையேறி வந்து சோதனைச் சாவடியில் நிற்க வேண்டி வரலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் எது மாறும், எது மாறாது?

எடுத்துக்காட்டுக்கு ஒரு ஹோம்ஸ்டேயை வைத்துக்கொள்வோம். இடம், கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகும் வழியில் உள்ள பூம்பாறை. படிக்கட்டு வயல்களுக்கும் மலைப்பூண்டுக்கும் குழந்தை வேலப்பர் கோயிலுக்கும் பெயர் பெற்ற ஊர். மூன்று அறைகள். நடத்துவது ஒரு குடும்பம். பதிவு போடுவது வீட்டம்மா.

டெம்ப்ளேட் செய்ய அவர் முதலில் ஏஐ செயலியைத் திறக்கக் கூடாது. தன்னுடைய பழைய பதிவுகளைத் திறக்க வேண்டும். அவரே கையால் எழுதியதில், நாலு பேர் விசாரித்து அறை பதிவு செய்த மூன்று பதிவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். லைக் நிறைய வந்த பதிவுகளை விட, போன் வந்த பதிவுகள் இதற்கு நல்லது.

அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். மூன்றிலும் பொதுவாக இருப்பவை சில. "நாங்க", "வாங்க" என்று வீட்டு ஆள் பேசுவது போன்ற நடை, நாலைந்து வரி நீளம், கடைசியில் வாட்ஸ்அப் பண்ணச் சொல்வது. இவை டெம்ப்ளேட்டின் மாறாத பகுதி.

மூன்றிலும் வேறு வேறாக இருப்பவை சில. எதைப் பற்றி, அன்றைக்கு என்ன நடந்தது, என்ன தகவல், என்ன படம். இவைதான் கோடுகள்.

இந்தப் பிரிப்பை மனதுக்குள் செய்தால் தப்பிப் போகும். பழைய பதிவுகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு செய்தால்தான், 'நான் இப்படி எழுதுவேன்' என்று நாம் நினைப்பதற்கும் உண்மையில் எழுதியதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

டெம்ப்ளேட் எப்படி இருக்கும்?

பூம்பாறை ஹோம்ஸ்டேக்கு இப்படி ஒன்று போதும். ஆறே கோடுகள், ஆறே விதிகள்.

```
நான் பூம்பாறையில் மூன்று அறை ஹோம்ஸ்டே நடத்துகிறேன்.
படிப்பவர்கள்: மதுரை, திருச்சி, கோவையிலிருந்து
குடும்பத்தோடு வருபவர்கள்.
கீழே உள்ள விவரங்களை மட்டும் வைத்து
ஒரு ஃபேஸ்புக் பதிவு எழுது.

இந்த வார விஷயம்: [____]
நான் நேரில் பார்த்தது: [____]
சொல்ல வேண்டிய தகவல்கள், 3 அல்லது 4: [____]
யாரிடம், எந்த நாளில் சரிபார்த்தேன்: [____]
படத்தில் இருப்பது: [____]
படிப்பவர் செய்ய வேண்டிய ஒரு காரியம்: [____]

விதிகள்:
1. 50 முதல் 70 சொற்கள். வீட்டு ஆள் பேசுவது போல.
2. முதல் வரி, நான் நேரில் பார்த்ததிலிருந்து வரட்டும்.
3. மேலே இல்லாத விலை, தேதி, தூரம், அரசு விதி
   எதையும் சேர்க்காதே.
4. ஏதாவது கோடு காலியாக இருந்தால் எழுதாதே,
   என்ன வேண்டும் என்று கேள்.
5. சொர்க்கம், மலைகளின் இளவரசி, மறக்க முடியாத
   அனுபவம்: இந்தச் சொற்கள் வேண்டாம்.
6. கடைசி வரி, படிப்பவர் செய்ய வேண்டிய காரியம்.
```

இதில் 'விஷயம்' என்ற முதல் கோட்டைத்தான் எல்லோரும் முக்கியம் என்று நினைப்பார்கள். உண்மையில் அது ஆறிலும் எளிதானது. 'பூண்டு அறுவடை' என்று இரண்டு வார்த்தை எழுதினால் முடிந்தது. அந்தக் கோடு மட்டும் இருக்கிற டெம்ப்ளேட், டெம்ப்ளேட் இல்லாததற்குச் சமம். ஏனென்றால் பூண்டு பற்றி இணையத்தில் பொதுவாக என்ன இருக்கிறதோ அதைத்தான் ஏஐ எழுதித் தரும். உங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நடப்பது அதற்குத் தெரியாது.

அதனால் பதிவைத் தூக்கி நிறுத்துவது இரண்டாவது கோடும் மூன்றாவது கோடும்தான். 'நான் நேரில் பார்த்தது' உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒன்று. 'தகவல்கள்' நீங்கள் பொறுப்பேற்கத் தயாராக உள்ளவை. இந்த இரண்டையும் நிரப்ப ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடிக்க நினைத்தால் மறுபடி 'மலைகளின் இளவரசி'தான் வருவாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கோட்டுக்கு முன்னால் இருக்கும் வார்த்தை, வெறும் தலைப்பாக இல்லாமல் கேள்விக்குப் பதில் சொல்ல வைப்பது போல் இருக்கிறது. 'விவரம்' என்று மட்டும் போட்டிருந்தால் ஞாயிறு ராத்திரி களைப்பில் என்ன எழுதுவது என்று தெரியாது. 'நான் நேரில் பார்த்தது' என்று இருந்தால் கை தானாக எழுதும்.

ஒரு வாரம் நிரப்பிப் பார்ப்போம்: மலைப்பூண்டு

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில்தான் மலையடிவாரத்துப் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பூம்பாறைக்காரருக்கு இது பதிவு போட நல்ல விஷயம். அவர் இப்படி நிரப்புகிறார்:

```
இந்த வார விஷயம்: மலைப்பூண்டு அறுவடை
நான் நேரில் பார்த்தது: காலையில் எதிர் வயலில்
பூண்டு பிடுங்கினாங்க. வாசல் வரைக்கும் வாசனை.
சொல்ல வேண்டிய தகவல்கள்:
- கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல்
  புவிசார் குறியீடு கிடைச்சது
- இங்க வருஷத்துக்கு இரண்டு போகம்
- எங்க விருந்தினர்கள் வயலைப் போய்ப் பார்க்கலாம்
யாரிடம், எந்த நாளில்: வயல்காரர், வெள்ளிக்கிழமை
படத்தில் இருப்பது: மண்ணோட ஒரு பூண்டுக் கட்டு
செய்ய வேண்டியது: வர்றதுக்கு முந்தின நாள்
வாட்ஸ்அப்பில் சொல்லணும்
```

இதை அனுப்பி, வந்ததில் கொஞ்சம் கை வைத்தபின் பக்கத்தில் ஏறும் பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"காலையில காபி போடறதுக்கு முன்னாடியே வாசல் வரைக்கும் பூண்டு வாசனை. எதிர் வயல்ல அறுவடை ஆரம்பிச்சாச்சு! படத்துல மண்ணு கூட உதிராம இருக்கே, அது இப்பப் பிடுங்கின கட்டு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின நம்ம கொடைக்கானல் மலைப்பூண்டு இதுதான். வருஷத்துக்கு இரண்டு போகம்தான், அதனால இந்தக் காட்சி எப்பவும் கிடைக்காது. எங்க வீட்டுல தங்கறவங்க வயலுக்குள்ள போய்ப் பார்க்கலாம், வயல்காரர்கிட்ட கேட்டாச்சு. வர்றதுக்கு முந்தின நாள் வாட்ஸ்அப்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

'காபி போடறதுக்கு முன்னாடியே' என்பது நிரப்பியதில் இல்லை. ஆனால் அது யாரையும் ஏமாற்றாத சின்ன அலங்காரம். உண்மையும் அதுவே என்றால் விட்டுவிடலாம்.

விடக் கூடாத ஒன்றும் இப்படி நுழையும். பூண்டு என்றாலே, "கொழுப்பைக் குறைக்கும்", "இதயத்துக்கு நல்லது", "மருத்துவ குணம் நிறைந்தது" என்று ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்ளும். நம் டெம்ப்ளேட்டின் மூன்றாவது விதியைத் திரும்பப் படியுங்கள். விலை, தேதி, தூரம், அரசு விதி என்றுதான் இருக்கிறது. உடல்நலப் பலன் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஓட்டை இருந்த இடத்தில் நுழைந்துவிட்டது.

இதற்கு என்ன செய்வது? அந்த வாரப் பதிவில் அந்த வரியை அழித்தால் மட்டும் போதாது. டெம்ப்ளேட்டுக்குப் போய் மூன்றாவது விதியில் 'உடல்நலப் பலன்' என்று இரண்டு வார்த்தை சேர்க்க வேண்டும். அப்போதுதான் அடுத்து தேன் பற்றி எழுதும்போதும், மலைவாழை பற்றி எழுதும்போதும் அதே சிக்கல் வராது. பதிவைத் திருத்தினால் ஒரு வாரம் சரியாகும். டெம்ப்ளேட்டைத் திருத்தினால் எல்லா வாரமும் சரியாகும்.

அடுத்த வாரம் இ-பாஸ்: இங்கேதான் ஆபத்து

பூண்டு பதிவில் ஒரு வரி தப்பானால் பெரிய நஷ்டம் இல்லை. இ-பாஸ் அப்படி இல்லை.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வாகனங்களில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நடைமுறை வந்தது. அதன் பிறகு 2025 கோடை சீசனுக்கு, ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் வந்தது. இதற்கு நடுவே, 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டு வந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது.

கவனித்தீர்களா? ஒரே விஷயத்தில் இரண்டு வருஷத்துக்குள் மூன்று மாற்றங்கள். ஒன்று தொடர்ந்து நடக்கும் நடைமுறை. ஒன்று சீசனுக்கு மட்டும். ஒன்று வேறு அலுவலகத்தின் உத்தரவு.

ஏஐ செயலி இவற்றை எங்கிருந்து எடுக்கும்? அது படித்த பழைய செய்திகளிலிருந்து எடுக்கலாம். அல்லது இணையத்தில் தேடிக் கிடைத்த ஏதோ ஒரு பக்கத்திலிருந்து எடுக்கலாம். 2024-ல் வந்த செய்தியும் 2025-ல் வந்த செய்தியும் கலந்து, 'கொடைக்கானலுக்கு தினமும் 4,000 வாகனங்களுக்கு மட்டுமே அனுமதி' என்று ஒரு வரி வரலாம். படித்தால் நம்பும்படியாகவே இருக்கும். ஆனால் அது ஒரு கோடை சீசனின் வார நாள் கணக்கு. அதைப் படித்துவிட்டு, இடம் கிடைக்காது என்று பயணத்தையே விடுகிற குடும்பமும் உண்டு. நேர் எதிராக, 'இ-பாஸ் கோடைக்கு மட்டும்தான்' என்று வந்தால், பாஸ் இல்லாமல் வந்து சாவடியில் காரை ஓரம் கட்டுகிற குடும்பமும் உண்டு. பிள்ளைகள் பசியோடு பின் சீட்டில் உட்கார்ந்திருக்க, அந்தக் கோபம் எல்லாம் கடைசியில் யார் மேல் வரும்? பதிவு போட்டவர் மேல்தான்.

இதற்காகத்தான் டெம்ப்ளேட்டில் நாலாவது கோடு. 'யாரிடம், எந்த நாளில் சரிபார்த்தேன்.' இ-பாஸ் விஷயத்தில் அதை நிரப்ப வேண்டும் என்றால், பாஸ் எடுக்கும் அரசுத் தளத்தை நீங்களே திறந்து பார்த்தாக வேண்டும். வேறு வழியில்லை. அந்தக் கோடு ஏஐ-க்காகப் போட்டதை விட உங்களுக்காகப் போட்டது என்பதுதான் சரி. சரிபார்க்காமல் அந்த இடத்தை நிரப்ப உங்கள் கை கூசும்.

அரசு விதி, சாலை, கட்டணம் மாதிரி விஷயங்களுக்கு ஒரு கூடுதல் விதியும் வேண்டும். ஏழாவதாக இதைச் சேர்த்துக்கொள்ளலாம்:

```
7. அரசு விதி, கட்டணம், சாலை பற்றிய பதிவு என்றால்
   நான் சரிபார்த்த நாளைப் பதிவிலேயே சொல்.
```

அப்போது பதிவு, 'இ-பாஸ் கட்டாயம்' என்று மொட்டையாக நிற்காது. 'சனிக்கிழமை காலையில தளத்துல பார்த்தோம், இ-பாஸ் வேணும்னுதான் இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க' என்று வரும். மூன்று மாதம் கழித்து யாராவது அந்தப் பதிவைப் பகிர்ந்தாலும், அது எப்போதைய தகவல் என்று படிப்பவருக்குத் தெரியும்.

கோட்டைக் காலியாக விட்டால் என்ன ஆகும்?

டெம்ப்ளேட் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். முதல் மூன்று வாரம் எல்லாக் கோடுகளையும் நிரப்புவார்கள். நாலாவது வாரம் விஷயத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றதைக் காலியாக விட்டு அனுப்புவார்கள். காலியிடத்தை ஏஐ காலியாக விடாது. தனக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிவிடும். நிரப்பியதைச் சொல்லவும் சொல்லாது.

கொடைக்கானலில் இதற்கு நல்ல உதாரணம் குறிஞ்சி. 'இந்த வார விஷயம்: குறிஞ்சிப் பூ' என்று மட்டும் எழுதி அனுப்பினால், 'நீலக்குறிஞ்சி பூத்துக் குலுங்கும் மலைகளைக் காண வாருங்கள்' என்று வர எல்லா வாய்ப்பும் உண்டு. ஏனென்றால் கொடைக்கானலும் குறிஞ்சியும் சேர்ந்து வருகிற எழுத்தெல்லாம் பூத்த காலத்தில் எழுதப்பட்டவைதான். பூக்காத வருஷத்தில் யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது. அந்தக் கணக்குப்படி அடுத்த பெரும் பூப்பு 2030-ல். குறிஞ்சி இனத்தில் வேறு வகைச் செடிகளும் உண்டு, அவை வேறு ஆண்டுகளில் பூக்கும். அதனால் உங்கள் வேலி ஓரத்தில் ஏதோ ஒரு குறிஞ்சி பூத்திருக்கலாம். ஆனால் அதை 'நீலக்குறிஞ்சி சீசன்' என்று போட்டு, சென்னையிலிருந்து கேமராவோடு ஆள் வந்து இறங்கினால் என்ன பதில் சொல்வீர்கள்?

நாலாவது விதி இதற்குத்தான். 'கோடு காலியாக இருந்தால் எழுதாதே, கேள்.' இந்த ஒரு வரி, கற்பனை எட்டிப் பார்ப்பதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் முழுக்கத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. சில நேரம் விதியையும் மீறி எழுதிவிடும். அதனால் கடைசிக் காவல் நீங்கள்தான்.

அந்தக் காவலுக்கு ஒரு சுலபமான வழி உண்டு. வந்த பதிவில் உள்ள ஒவ்வொரு எண், பெயர், நாள், ஊரின் மேலும் விரலை வையுங்கள். 'இது நான் நிரப்பியதில் இருக்கா?' என்று கேளுங்கள். இருந்தால் அடுத்ததுக்குப் போங்கள். இல்லை என்றால் அழித்துவிடுங்கள். உண்மையா பொய்யா என்று ஆராயக்கூட வேண்டாம். நீங்கள் கொடுக்காத தகவல் உங்கள் பெயரில் போக வேண்டியதில்லை, அவ்வளவுதான். அறுபது எழுபது வார்த்தைப் பதிவுக்கு இது ஒரு நிமிஷ வேலை.

டெம்ப்ளேட் பழசாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஏழெட்டு வாரம் ஆனதும் எழுதியவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள். டெம்ப்ளேட்டில் என்ன கோளாறு என்று அவையே சொல்லிவிடும்.

எல்லாப் பதிவும் 'காலையில...' என்றே தொடங்குகிறதா? அது 'நான் நேரில் பார்த்தது' கோட்டில் நீங்கள் எப்போதும் காலைக் காட்சியையே எழுதுவதால் வருவது. டெம்ப்ளேட்டில் குறை இல்லை, நிரப்புவதில்தான். ஒரு வாரம் ராத்திரி சமையலறையில் நடந்ததை எழுதிப் பாருங்கள்.

ஒரே திருத்தத்தைத் தொடர்ந்து மூன்று வாரம் கையால் செய்கிறீர்களா? 'அழகிய' என்ற சொல்லை ஒவ்வொரு முறையும் அழிக்கிறீர்கள் என்றால், அதை ஐந்தாவது விதியில் சேர்க்கும் நேரம் வந்துவிட்டது.

ஏதாவது ஒரு கோட்டில் எப்போதும் ஒரே பதிலை எழுதுகிறீர்களா? 'செய்ய வேண்டிய காரியம்' என்ற இடத்தில் எட்டு வாரமும் 'வாட்ஸ்அப்பில் சொல்லணும்' என்றே இருந்தால் அது கோடாக இருக்கத் தேவையில்லை. மாறாத பகுதிக்கு மாற்றிவிடலாம். ஒரு கோடு குறைந்தால் ஞாயிறு ராத்திரி வேலையும் குறையும்.

நேர் மாறாக, ஒரு மாறாத வரியை அடிக்கடி அழிக்கிறீர்களா? 'குடும்பத்தோடு வருபவர்கள்' என்று இருக்கிறது. ஆனால் பள்ளி விடுமுறை முடிந்ததும் வருவது பைக்கில் வரும் இளைஞர்கள்தான் என்றால், 'படிப்பவர்கள்' என்ற வரியையே கோடாக்கிவிடுங்கள்.

விதிகளைக் கூட்டிக்கொண்டே போவதிலும் ஆபத்து உண்டு. இருபது விதி எழுதினால் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும். '50 சொல்லுக்குள்' என்று ஒரு விதி, 'எல்லாத் தகவலையும் விளக்கமாகச் சொல்' என்று இன்னொரு விதி இருந்தால் ஏதாவது ஒன்று அடிபடும். எது அடிபடும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது. பத்துக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. புதுசாக ஒன்று சேர்த்தால், தேவைப்படாத ஒன்றை எடுத்துவிடுங்கள்.

போனில் எங்கே வைப்பது?

பலர் இதை ஏஐ செயலியின் பழைய உரையாடலிலேயே விட்டுவைத்து, அடுத்த வாரம் அதே இடத்தில் 'இப்போ இ-பாஸ் பற்றி எழுது' என்று தொடர்வார்கள். வசதியாகத்தான் இருக்கும். ஆனால் போன வாரப் பூண்டும் வயல்காரரும் இந்த வார இ-பாஸ் பதிவில் எட்டிப் பார்ப்பார்கள். அந்த உரையாடலில் இருப்பதெல்லாம் அதன் கண் முன்னே இருக்கும் என்பதே காரணம்.

அதனால் டெம்ப்ளேட்டை போனில் உள்ள நோட்ஸ் செயலியில் வையுங்கள். அல்லது வாட்ஸ்அப்பில் உங்களுக்கு நீங்களே ஒரு செய்தியாக அனுப்பி, அதைப் பின் செய்துவையுங்கள். வாரா வாரம் நகல் எடுத்து, நோட்ஸிலேயே நிரப்பி, புது உரையாடலில் ஒட்டுங்கள். மூலத்தில் எழுதக் கூடாது, நகலில்தான் நிரப்ப வேண்டும். மூலத்தில் நிரப்பினால் அடுத்த வாரம் ஒரு கோட்டை மாற்ற மறந்து, பழைய தகவல் புதுப் பதிவில் போய்விடும்.

அனுப்புவதற்கு முன்னால் [ என்ற குறி எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஏதோ ஒரு கோடு நிரப்பாமல் இருக்கிறது என்று பொருள். கோடுகளுக்குச் சதுர அடைப்பு போட்டது இப்படிச் சுலபமாகக் கண்டுபிடிக்கத்தான்.

விருந்தினர் பெயர், போன் எண், எந்த நாளில் எந்த அறையில் தங்கினார்கள் என்பதை எந்தக் கோட்டிலும் எழுத வேண்டாம். பதிவுக்கு அது தேவைப்படாது.

டெம்ப்ளேட்டைத் தொடக் கூடாத நாள்

கனமழை பெய்து மலைப்பாதையில் மரம் விழுந்திருக்கிறது, அல்லது மண் சரிந்திருக்கிறது என்று வையுங்கள். கிளம்பத் தயாராக இருக்கும் விருந்தினர்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நாளில் ஆறு கோடும் வேண்டாம், ஏஐ-யும் வேண்டாம். 'வத்தலக்குண்டு பாதையில மரம் விழுந்திருக்கு. காலை 7 மணிக்குக் கேட்டப்போ வண்டி போகலை. இன்னைக்கு வர்றவங்க கிளம்பறதுக்கு முன்னாடி போன் பண்ணுங்க.' மூன்று வரி, உங்கள் கையால், உடனே.

டெம்ப்ளேட் என்பது வாரம் ஒரு முறை நிதானமாகச் சொல்லும் சேதிக்கு. அவசரச் சேதிக்கு அதன் நடை பொருந்தாது. வாசனையோடு தொடங்கி வாட்ஸ்அப்பில் முடியும் பதிவில், 'பாதை அடைப்பு' என்ற சேதி நடுவில் எங்கேயோ மறைந்துபோகும்.

மற்ற வாரங்களுக்கு, இந்தக் கட்டுரையில் உள்ள டெம்ப்ளேட்டை அப்படியே நகல் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் முதல் மூன்று வரியையும் ஐந்தாவது விதியையும் உங்கள் பழைய பதிவுகளைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். பூம்பாறை ஹோம்ஸ்டேக்குப் பொருந்தும் குரல், பழனி அடிவாரத்தில் கடை வைத்திருப்பவருக்கும் தாண்டிக்குடியில் காபி விற்பவருக்கும் பொருந்தாது. கோடுகளின் வரிசை மட்டும் மூவருக்கும் ஒன்றாக இருக்கலாம்: என்ன விஷயம், என்ன பார்த்தீர்கள், என்ன தெரியும், எப்படித் தெரியும், என்ன படம், என்ன செய்யணும்.